வட்டியால் கிடைக்கும் வரிச் சேமிப்பைத் தனியாகக் கணக்கிடுவது

அவையோருக்கு வணக்கம். ஒரு திட்டத்தில் பணம் போடலாமா என்று பார்க்கும்போது இரண்டு கேள்விகள் பின்னிக்கொண்டு வருகின்றன. அந்தத் தொழில் தன் காலில் நின்று சம்பாதிக்குமா என்பது ஒன்று. அதற்குக் கடன் வாங்கினால், வட்டியைக் கழித்த லாபத்துக்கே வரி என்பதால், வரியில் எவ்வளவு மிச்சமாகும் என்பது மற்றொன்று. நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் ஒரே தள்ளுபடி விகிதத்துக்குள் இரண்டையும் போட்டுக் கலந்துவிட்டால், லாபம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 1974-இல் ஸ்டூவர்ட் மையர்ஸ் முன்வைத்த ஏ.பி.வி., அதாவது திருத்திய தற்போதைய மதிப்பு, இந்தக் கலப்படத்தைத் தவிர்க்கும் வழி. கடனே இல்லை என்று வைத்துக்கொண்டு முதலில் திட்டத்தை மதிப்பிடுகிறோம்; அதுதான் அடிப்படை மதிப்பு. கடன் கொண்டுவரும் வரிச் சேமிப்பை அதன் பிறகு தனியாக மதிப்பிட்டுக் கூட்டுகிறோம். கொள்கை இவ்வளவுதான். சிரமமெல்லாம் அந்த இரண்டாவது எண்ணைச் சரியாகக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதனால் இன்று அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். திட்டத்துக்கு இன்று 1,000 தேவை. நாலு வருடம் ஓடும். செலவுகள் போக வருடத்துக்கு 340 ரொக்கம் வரும். தேய்மானம் வருடத்துக்கு 250. ஆக வட்டிக்கும் வரிக்கும் முந்திய லாபம் 90. வரி 25 சதவீதம் என்றால் வரி 22.5, கையில் நிற்பது 317.5. கடனே இல்லாத நிறுவனம் இந்த அளவு அபாயத்துக்கு எதிர்பார்க்கும் வருவாய் 12 சதவீதம். அந்த விகிதத்தில் நாலு வருடத்து 317.5-இன் இன்றைய மதிப்பு 964.4. போட்டது 1,000. ஆக, தொழில் தன் காலில் நின்றால் 35.6 நஷ்டம்.

இந்த இடத்திலேயே முதல் தவறு நுழைகிறது. வரித் தொகையைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு வாங்கினால், அவர் வட்டியைக் கழித்த பிறகு வரும் வரியைத் தருவார். வட்டி 48 என்றால் (90 − 48) × 25%, அதாவது 10.5. அந்த எண்ணைப் போட்டால் 317.5 என்பது 329.5 ஆகிவிடும். வரிச் சேமிப்பான 12 அடிப்படை மதிப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதைத் தனியாகவும் கூட்டினால் ஒரே காசை இரண்டு முறை எண்ணியதாகும். கடனின் செலவையும் பங்கின் செலவையும் கலந்த சராசரி மூலதனச் செலவை வைத்துத் தள்ளுபடி செய்தாலும் இதே தவறுதான், ஏனென்றால் வட்டியின் வரிச் சலுகை அந்த விகிதத்துக்குள் ஏற்கனவே இருக்கிறது. கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: கணக்குத்தாளில் கடன் தொகையைப் பூஜ்யமாக்குங்கள். அடிப்படை மதிப்பு ஒரு பைசா அசைந்தாலும் கடன் அதற்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி கடனுக்கு வருவோம். 600 கடன், வட்டி 8 சதவீதம். வரிச் சேமிப்பு எவ்வளவு என்று கேட்டால், பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வரும் சூத்திரம் வரி விகிதம் பெருக்கல் கடன். 25 சதவீதத்தை 600-ஆல் பெருக்கினால் 150. கடனால் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்ற தங்கள் முந்தைய முடிவை, பொருளியல் அறிஞர்களான மொடிலியானியும் மில்லரும் 1963-இல் வரிக்காகத் திருத்தியபோது பிறந்த சூத்திரம் அது. தவறான சூத்திரம் அல்ல. ஆனால் கடன் என்றென்றும் அதே அளவில் நிற்கும் என்பது அதன் நிபந்தனை. நம் திட்டமோ நாலு வருடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு வட்டி ஏது, சேமிப்பு ஏது?

ஒப்பந்தப்படி வருடத்துக்கு 150 அசலைத் திருப்பிக் கட்டுகிறோம் என்று வையுங்கள். வட்டி முதல் வருடம் 48, அடுத்து 36, பிறகு 24, கடைசியில் 12. அதில் கால் பங்கு வரிச் சேமிப்பு: 12, 9, 6, 3. இவற்றை 8 சதவீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்தால் 11.1, 7.7, 4.8, 2.2. கூட்டினால் 25.8. அடிப்படை நஷ்டமான 35.6-ஐ இது ஈடுகட்டவில்லை. இன்னும் 9.8 குறைகிறது, திட்டம் தேறாது.

அதே 600-ஐ, அதே 8 சதவீதத்துக்கு, அசல் முழுவதையும் நாலாம் வருடக் கடைசியில் கட்டுவதாக வாங்கினால்? வட்டி ஒவ்வொரு வருடமும் 48, சேமிப்பு 12. இன்றைய மதிப்பு 39.7. இப்போது ஏ.பி.வி. கூட்டல் 4.1. கட்டிடமும் இயந்திரமும் சந்தையும் மாறவில்லை. அசலைத் திருப்பிக் கட்டும் அட்டவணை ஒன்றுதான் மாறியது, விடை குறி மாறிவிட்டது. 150, 39.7, 25.8 என்று மூன்று எண்களும் ஒரே கடனிலிருந்து வந்தவை. ஆகவே வரிச் சேமிப்பை மதிப்பிட உட்காரும்போது வங்கி தந்த தவணை அட்டவணை மேசையில் இல்லை என்றால் கணக்கைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

8 சதவீதத்தில் ஏன் தள்ளுபடி செய்தோம் என்று கேட்கலாம். கடன் தொகை அட்டவணைப்படி நிலையாக இருந்தால், வட்டி எவ்வளவு நிச்சயமோ அதிலிருந்து வரும் சேமிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு நிச்சயம். அதனால் கடனின் விகிதமே போதும். ஆனால் சில நிறுவனங்கள் திட்டத்தின் மதிப்பில் இத்தனை சதவீதம் கடன் என்று வைத்துக்கொண்டு, மதிப்பு ஏறினால் கூட வாங்கும், இறங்கினால் குறைத்துக்கொள்ளும். அங்கே சேமிப்பும் தொழிலோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் தொழிலின் 12 சதவீதமே பொருத்தம். ஒவ்வொரு வருடத்துக் கடனும் அந்த வருடத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும் என்பதால், அந்த வருடச் சேமிப்பைத் தள்ளுபடி செய்யும்போது அந்த ஒரு வருடத்துக்குக் கடனின் விகிதத்தையும், அதற்கு முந்திய வருடங்களுக்குத் தொழிலின் விகிதத்தையும் போட வேண்டும் என்று மைல்ஸும் எஸ்ஸலும் 1980-இல் காட்டினார்கள். உண்மையில் அப்படி விகிதம் காக்கும் நிறுவனத்துக்குச் சராசரி மூலதனச் செலவு முறையே எளிது. தவணை முன்கூட்டியே எழுதப்பட்ட கடனுக்குத்தான் ஏ.பி.வி. பொருத்தம்.

விகிதத்தைப் பற்றி நடக்கும் வாதம் நம் கணக்கில் எவ்வளவு பெரியது? கடைசியில் கட்டும் கடனின் சேமிப்பை 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் 39.7 என்பது 36.4 ஆகிறது. வித்தியாசம் மூன்றே சொச்சம். தவணை மாறியபோது வந்த வித்தியாசமோ பதினாலு. குறுகிய காலத் திட்டத்தில் விகிதத்துக்காக மணிக்கணக்கில் சண்டை போட்டுவிட்டு, தவணையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் விடுவது வீண்.

இன்னொரு நிபந்தனை: கழிப்பதற்கு லாபம் இருக்க வேண்டும். நம் கணக்கில் லாபம் 90, வட்டி 48, அதனால் முழுச் சேமிப்பும் கிடைத்தது. முதல் வருட லாபம் 30 ஆகக் குறைந்து, நிறுவனத்துக்கு வேறு வருமானமும் இல்லை என்றால், வட்டியில் 30-க்கு மட்டுமே பலன். அந்த வருடம் கையில் வருவது 7.5. மீதி 4.5, நஷ்டத்தை முன்னெடுத்துச் செல்ல வரிச் சட்டம் அனுமதித்தால் பின்னொரு வருடம் வரும். அது தள்ளிப்போகிறது என்பது மட்டுமல்ல, வருமா என்பதே இனி தொழிலின் லாபத்தைப் பொறுத்தது. அந்தப் பகுதியை 8 சதவீதத்தில் தள்ளுபடி செய்ய நியாயமில்லை. வட்டிக் கழிவுக்கு வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கும் நாடுகளிலும் வருடவாரியாக இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

கடனால் வருவது வரிச் சேமிப்பு மட்டுமல்ல, செலவும் உண்டு. அதையும் கணக்குத்தாளில் தனி வரிசையாக எழுத இந்த முறையில் இடமிருக்கிறது. கடைசியில் அசலைக் கட்டும் அந்தக் கடனுக்கே திரும்புவோம். கடன் தரும் வங்கி முன்கட்டணமாக 1 சதவீதம் கேட்கிறது என்று வையுங்கள். 600-இல் அது 6. நாலு வருடத்துக்குச் சமமாகப் பிரித்துக் கழித்தால் வருடம் 0.375 வரி மிச்சம், இன்றைய மதிப்பில் 1.2. நிகரச் செலவு 4.8. நம்மிடம் இருந்த 4.1 அதிலேயே போய், ஏ.பி.வி. கழித்தல் 0.7 ஆகிறது. தொழிலின் 35.6 நஷ்டத்தைத் தனி வரிசையில் பார்த்த இயக்குநருக்கு, வங்கியோடு கட்டணம் பேச உட்காரும்போது எத்தனை வரை விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெரிந்திருக்கும்: 600-க்கு 5.2 வரை.