மேப்புல அடர் பச்சை, பெட்ரூம்ல எமர்ஜென்ஸி கால் மட்டும்!

மக்களே, வணக்கம். போன வீடியோல நம்பரை போர்ட் பண்ணப்போறேன்னு துள்ளிக் குதிச்சேன்ல? பண்ணிட்டேன். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. அவங்க கவரேஜ் மேப்புல என் தெரு அடர் பச்சை. நம்பி 84 நாள் பிளான் போட்டேன், 859 ரூபா! முழுசா 859! இப்ப பெட்ரூம்ல படுத்துட்டு போன் எடுத்தா "எமர்ஜென்ஸி கால் மட்டும்".

அந்த மேப்பை யாரும் உங்க வீட்டுக்கு வந்து அளந்து போடல. டவர் எங்க இருக்கு, எவ்ளோ உயரம், எவ்ளோ பவர், நடுவுல மேடா பள்ளமா, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு கணக்கா வரைஞ்சது. பெரும்பாலும் வெளிய தெருவுல நிக்கிற ஆளுக்கான கணக்கு. உங்க வீட்டு சுவர் அதுல கிடையாது.

நேத்து நானே அளந்தேன். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் போனா dBm-னு ஒரு நம்பர் இருக்கும், அதுதான் சிக்னல் பலம். போன் மேல தெரியற சிக்னல் கோடுகளை நம்பாதீங்க, ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு மாதிரி காட்டும். கேட்ல நின்னா -84. அருமை. ஹால்ல -98. சரி, ஓட்டிக்கலாம். பெட்ரூம்ல -115! மைனஸ் இருக்கறதால நம்பர் பெருசானா சிக்னல் கம்மி. சிக்னல் 10 குறைஞ்சாலே பவர் பத்துல ஒரு பங்கு. கேட்லேர்ந்து என் கட்டிலுக்கு 31 குறையுது, ஆயிரத்துல ஒரு பங்குகூட மிஞ்சல. நடுவுல ரெண்டு சுவர், ஒரு கான்கிரீட் தூண், அவ்ளோதான்.

ஆ, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அளக்கறதுக்கு முன்னாடி போனை 4ஜில மட்டும் வச்சுக்கோங்க. நான் முதல்ல அதைச் செய்யாம, 4ஜிக்கும் 5ஜிக்கும் தாவித் தாவி நம்பர் மாறி, அரை மணி நேரம் வேஸ்ட்.

இன்னொரு கடுப்பு, பச்சை எல்லாம் ஒரே பச்சை கிடையாது. 850 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓரளவு உள்ள வரும். 2300ம், 5ஜியோட 3500ம் சுவர்லயே பாதி செத்துரும். நான் பாத்த மேப்புல எந்த அலைன்னு எங்கயும் போடல. தெருவுல எல்லாமே பிரமாதமாத்தான் இருக்கும்.

திரும்ப பழைய கம்பெனிக்கே போயிடலாம்னு பாத்தா, போர்ட் பண்ணி 90 நாள் ஆகணுமாம். பிளான் 84 நாள்ல முடியுது, பாருங்க கூத்தை! போர்ட் பண்றதுக்கு முன்னாடி, அதே கம்பெனி சிம் வச்சிருக்கற ஃப்ரெண்டைக் கூப்பிட்டு பெட்ரூம் கதவைச் சாத்தி நிக்க வச்சிருக்கணும். ஒரு டீ செலவுதான்.

இப்போதைக்கு வைஃபை காலிங்கை ஆன் பண்ணிட்டேன், வீட்டு பிராட்பேண்ட்ல கால் போகுது. கரண்ட் போனா ரவுட்டரும் போயிடும், அப்ப ஜன்னல் ஓரமா பழைய ஸ்டூல் போட்டு உக்காந்துக்க வேண்டியதுதான். அங்க -103.