கூடியதா குறைந்ததா: தவணைப் புள்ளிகளில் மீதியை வாசிப்பது எப்படி?

[திரையில்: மேகம் இறங்கிய தேயிலை மலைச்சரிவு, அதன் நடுவே ஒரு தோட்டப் பாடசாலை]

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில், தரம் 10 கணித வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக வருவதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். மாணவர் ஏழு பேர். ஆண்டு நடுவில் நடந்த இரண்டாம் தவணையில் அவர்கள் எடுத்த புள்ளிகள் 20, 30, 40, 50, 60, 70, 80. அதே வரிசையில் ஆண்டிறுதிப் புள்ளிகள் 34, 47, 51, 58, 52, 66, 77.

பெற்றோர் கூட்டத்துக்கு முன் நாம் வழக்கமாகச் செய்வது கழித்தல்தான். 20 எடுத்தவர் 14 புள்ளி கூட்டியிருக்கிறார்; பாராட்டு. 80 எடுத்தவர் 3 புள்ளி இழந்திருக்கிறார், கண்டிப்பு. இந்த இரண்டு தீர்ப்புமே தவறு என்பதை இப்போது காட்டுகிறேன்.

[திரையில்: கிடை அச்சில் இரண்டாம் தவணை, நிலை அச்சில் ஆண்டிறுதி, ஏழு புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

இந்தப் புள்ளிகளின் ஊடே பல கோடுகளை இழுக்கலாம். அவற்றுள் எதைத் தேர்வது? ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து மேலாகவோ கீழாகவோ எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, அந்த விலகல்களை வர்க்கித்துக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவாக வருகிறதோ, அதுதான் ரிக்ரெஷன் கோடு. புள்ளிகளைப் பதிந்த எக்செல் தாளில் இரண்டு வரிகள் போதும்:

```
=SLOPE(C2:C8,B2:B8)
=INTERCEPT(C2:C8,B2:B8)
```

B நிரலில் இரண்டாம் தவணை, C நிரலில் ஆண்டிறுதி. எதை எதிர்வுகூற விரும்புகிறோமோ அதுதான் அடைப்புக்குள் முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டாலும் எக்செல் முறையிடாது, வேறொரு கோட்டைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

நமக்குக் கிடைப்பது சாய்வு 0.6, வெட்டுத்துண்டு 25. அதாவது:

```
y = 25 + 0.6x
```

சாய்வு 1 இல்லை, 0.6 தான் என்பதைக் கவனியுங்கள். நடுத்தவணையில் 10 புள்ளி இடைவெளியில் இருந்த இருவருக்கிடையே, ஆண்டிறுதியில் 6 புள்ளி இடைவெளியைத்தான் எதிர்பார்க்கலாம். ஒரு பரீட்சைப் புள்ளியில் திறமையோடு அன்றைய நிலைமையும் கலந்திருக்கிறது: காய்ச்சல், படித்த பகுதியிலிருந்தே வந்த கேள்வி, பஸ் தவறி அரைமணி தாமதம். அடிமட்டத்தில் இருப்பவர்களில் அன்று நிலைமை கைவிட்டவர்கள் அதிகம். உச்சியில் இருப்பவர்களில் அன்று நிலைமை கைகொடுத்தவர்கள் அதிகம். அடுத்த பரீட்சையில் இரு பக்கமும் நடுவை நோக்கி நகரும். பெற்றோர் பிள்ளைகளின் உயரத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன் 1886-இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்தது இதே போக்கைத்தான்.

[திரையில்: ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோடு வரை நிலைக்குத்தாக, மேலும் கீழுமாகச் சிறு கோடுகள்]

இனி மீதிக்கு வருவோம். கிடைத்த புள்ளியிலிருந்து கோடு சொன்ன புள்ளியைக் கழித்தால் மீதி. 20 எடுத்தவருக்குக் கோடு சொன்னது 37, கிடைத்தது 34, மீதி −3. 80 எடுத்தவருக்குக் கோடு சொன்னது 73, கிடைத்தது 77, மீதி +4. கழித்தல் கணக்கு பாராட்டியவர் எதிர்பார்ப்புக்குச் சற்றுக் கீழே, கண்டித்தவர் சற்று மேலே!

ஏழு மீதிகளும் வரிசையாக −3, 4, 2, 3, −9, −1, 4. கூட்டினால் பூச்சியம். எந்த வகுப்பிலும் அப்படித்தான் வரும். ஆகவே சிலர் கோட்டுக்குக் கீழே இருப்பது ஆசிரியரின் குறையுமல்ல, அவர்களின் சோம்பலுமல்ல. இங்கே வழக்கமான விலகல் ஏறத்தாழ 5 புள்ளி. அதனால் −3 பற்றிப் பேச ஒன்றுமில்லை. 60 எடுத்த மாணவியின் −9 மட்டும் தனித்துத் தெரிகிறது. அது ஏன் என்று கோடு சொல்லாது. ஐப்பசி மழையில் மேல் டிவிசன் பாதை அடைபட்டதா, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றாளா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

[திரையில்: புதிய வரைபடம், கோடு இடமிருந்து வலமாகக் கீழே சரிகிறது]

இந்தக் கோட்டைப் பாருங்கள். அதே வகுப்பு, அதே புள்ளிகள், ஒரே ஒரு மாற்றம்: 80 எடுத்தவர் ஆண்டிறுதிப் பரீட்சைக்கு வரவில்லை, யாரோ அங்கே 0 என்று பதிந்துவிட்டார்கள். சாய்வு −0.225 ஆகிவிட்டது. நடுத்தவணையில் நன்றாகச் செய்தவர் இறுதியில் மோசமாகச் செய்வார் என்கிறது கோடு! ஓரத்தில் இருக்கும் புள்ளிக்குக் கோட்டை இழுக்கும் பலம் மிக அதிகம்.

சாய்வை மட்டும் பார்த்தால் எங்கே பிழை என்று தெரியாது. மீதிகளை வரிசையாக வாசித்தால் தெரிந்துவிடும்: −16.75, −1.5, 4.75, 14, 10.25, 26.5, −37.25. நல்ல கோட்டின் மீதிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். இங்கே அவை பெரும்பாலும் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் தலைகீழாக விழுகின்றன. அந்த வீழ்ச்சி இருக்கும் வரிசையில்தான் பொய்யான பூச்சியம் இருக்கிறது.

வராதவரின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். SLOPE அவரைச் சேர்க்காமலேயே கோட்டைப் போடும். அவருடைய மீதிக் கட்டத்தையும் அழித்துவிடுங்கள். கழித்தல் சூத்திரம் வெற்றுக் கட்டத்தைப் பூச்சியமாகவே எடுத்துக்கொள்ளும்.