ஒருவர் 3 என்கிறார், ஒருவர் 13 என்கிறார்: ஸ்பிரிண்ட் உடையப்போவது அங்கேயே தெரிந்துவிடும்!

[திரையில் ஒரே வரி: "வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும்"]

டீம் செய்ய வேண்டிய வேலையை இப்படிப் பயனரின் தேவையாக எழுதுவதுதான் ஸ்டோரி; அது எவ்வளவு பெரிய வேலை என்று மதிப்பிடும் எண்தான் பாயின்ட். இந்த ஸ்டோரிக்கு எத்தனை பாயின்ட்? டெவலப்பர் 3 என்று அட்டையைக் காட்டுகிறார். பக்கத்திலேயே டெஸ்டர் 13 காட்டுகிறார். பலர் இந்த இடத்தில், "சரி, நடுவில் 8 போட்டுக்கொள்வோம்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று பார்ப்போம்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பேக்லாக் என்ற வேலைப் பட்டியலின் மேலே இருக்கும் ஸ்டோரிகளை, ஸ்பிரிண்ட் என்ற குறுகிய வேலைச் சுற்றுக்குள் எடுப்பதற்கு முன்பே டீமாக உட்கார்ந்து தெளிவாக்குவதும் பிரிப்பதும்தான் ரிஃபைன்மென்ட். ஸ்க்ரம் என்ற இந்த வேலைமுறையின் கையேடான ஸ்க்ரம் கைடின் 2017 பதிப்பு, இதற்கு டெவலப்மென்ட் டீமின் நேரத்தில் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் ஆகாது என்றது. இரண்டு வார ஸ்பிரிண்டில் ஆளுக்கு ஒரு நாள். 2020 பதிப்பில் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்த இரண்டு அட்டைகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

டெவலப்பரிடம் கேட்டால், "ஒரு பட்டன், அழுத்தினால் முழுப்பணமும் திரும்பப் போகும்" என்கிறார். டெஸ்டர், "ஆர்டரில் மூன்று பொருள், ஒன்று ஏற்கெனவே கிளம்பிவிட்டது, என்ன செய்வது? கூப்பன் போட்டு வாங்கியிருந்தால்? பேமென்ட் கேட்வே பணத்தைத் திருப்ப மறுத்தால்?" என்கிறார். இருவரும் சரியாகத்தான் மதிப்பிட்டார்கள். ஆனால் இருவர் மனதிலும் இருந்தது வேறு வேறு ஸ்டோரி! நடுவில் 8 போட்டால் அந்த வேறுபாடு மறைந்துபோகும். ஸ்பிரிண்டின் எட்டாவது நாள் டெஸ்டிங்கில்தான் வெளியே வரும்.

இதைப் பிரித்துப் பார்க்க மாட் வின் என்பவர் தந்த 'எக்ஸாம்பிள் மேப்பிங்' கைகொடுக்கும். மஞ்சள் அட்டையில் ஸ்டோரி, நீலத்தில் விதி, பச்சையில் உதாரணம், சிவப்பில் பதில் தெரியாத கேள்வி.

[அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரையில்]

நீலம்: பேக் செய்வதற்கு முன் ரத்து செய்தால், கட்டிய தொகை முழுதும் திரும்ப வரும். பச்சை: 500 மதிப்புள்ள ஆர்டர், கூப்பனில் 100 கழிந்து 400 கட்டினார், 400 திரும்ப வருகிறது. உதாரணத்தை எழுதிய உடனே ஒருவர் கேட்கிறார்: "அந்தக் கூப்பனை மறுபடி பயன்படுத்தலாமா?" எது வேண்டும் என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனருக்கே தெரியவில்லை. சிவப்பு அட்டை. எண்களோடு உதாரணம் எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி பிறந்தே இருக்காது.

சிவப்பு அட்டைகள் குவிந்தால் ஸ்டோரியை வெட்ட வேண்டும். கூப்பன் இல்லாத ஆர்டரை, பேக் செய்யும் முன், முழுதாக ரத்து செய்வது ஒரு ஸ்டோரி. இதற்கு மறுபடி அட்டை காட்டினால் 3-ம் 5-ம் வருகிறது. இரண்டு நிமிடம் பேசி 5 என்று முடிக்கிறார்கள். கூப்பனும் பாதி ரத்தும் தனித்தனி ஸ்டோரிகளாக, பதில் வரும்வரை பேக்லாக்கிலேயே இருக்கும். கேட்வே மறுத்தால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் ஸ்பைக், அதாவது விடை தேடுவதற்கென்றே ஒரு சிறு வேலை.

அப்புறம், டெஃபினிஷன் ஆஃப் ரெடி: ஒரு ஸ்டோரி ஸ்பிரிண்டுக்குள் எடுக்கத் தயாரா என்று பார்க்கும் பட்டியல். இது ஸ்க்ரம் கைடில் இல்லை. டீம் தனக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். நம் உதாரண டீமுக்கு நான்கு வரி போதும்: ஒவ்வொரு விதிக்கும் ஒரு உதாரணமாவது உண்டு, அளவை மாற்றக்கூடிய சிவப்பு அட்டை ஒன்றும் இல்லை, கேட்வேயின் டெஸ்ட் கணக்கு கையில் இருக்கிறது, ஒரே ஸ்பிரிண்டில் முடியும். இரண்டாவது வரியைக் கவனியுங்கள். பட்டனில் என்ன எழுதுவது என்ற கேள்வி திறந்தே இருக்கலாம், அதை ஸ்பிரிண்டுக்குள் பேசிக்கொள்ளலாம். பாதி ரத்து உண்டா என்ற கேள்வி அப்படி இருக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் "டிசைன் 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும்" என்று எழுதிவிட்டால், டிசைன் முடிந்த பிறகே கோடிங் என்ற பழைய வாட்டர்ஃபால் திரும்பி வந்துவிடும். என் கருத்தில், பட்டியலே இல்லாததைவிட இது மோசம். "முக்கியத் திரையின் ஓவியத்தை டீம் பார்த்துப் பேசியிருக்கிறது" என்று எழுதினால் போதும்.

உங்கள் பட்டியல் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி: அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளப்பட்ட ஸ்டோரியை, ஸ்பிரிண்ட் முடிவில் டீம் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவில் எடுங்கள். அதை நிறுத்திய கேள்வி எந்த நாளில் வந்தது, ரிஃபைன்மென்ட்டிலேயே அதைக் கேட்டிருக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால், அந்தக் கேள்வியைப் பிடிக்க எந்த வரியைச் சேர்ப்பீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.