கடைமடைக்குத் தண்ணீர் வருமா? ஒரு தலையங்கம் சொல்லாமல் விட்டவை

நேயர்களுக்கு வணக்கம். நாளிதழின் தலையங்கத்தைப் படித்து முடித்ததும், "சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றோ "இது அநியாயம்" என்றோ ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அந்த முடிவுக்கு வருமுன், எழுதியவர் சொல்லாமலே நம்மை ஏற்க வைத்தவை எவை என்று தேடிப் பார்க்க முடியும். அளவையியல் கற்பித்து வருபவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. இன்று ஒரே ஒரு வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் செய்து பார்ப்போம்.

கீழ்பவானி வாய்க்கால் உங்களுக்குத் தெரியும். பவானிசாகர் அணையிலிருந்து புறப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தரும் வாய்க்கால் அது. 1950களில் வெட்டப்பட்ட அந்த மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடலாமா, கூடாதா என்ற விவாதம் நம் ஊர்களில் சில ஆண்டுகளாகவே நடந்து வருகிறது. அதையொட்டி வந்த தலையங்கம் ஒன்றின் வாதத்தை என் சொற்களில் சுருக்கித் தருகிறேன். மண் வாய்க்காலில் பெருமளவு தண்ணீர் கசிந்து வீணாகிறது. கான்கிரீட் தளம் போட்டால் அந்தக் கசிவு குறையும். எனவே கடைமடை உழவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கும், தளம் போட வேண்டும். இவ்வளவுதான். கேட்பதற்கு எந்த இடத்திலும் இடறுவதாகத் தெரியவில்லை.

முதலில் செய்ய வேண்டியது, முடிவில் வருகிற சொற்களில் எது காரணங்களில் வரவேயில்லை என்று பார்ப்பது. காரணங்கள் கசிவைப் பற்றிப் பேசுகின்றன, தளத்தைப் பற்றிப் பேசுகின்றன. கடைமடை என்ற சொல் முடிவில்தான் முதன்முறையாக வருகிறது. கசிவிலிருந்து கடைமடை வரைக்கும் வாதம் தாண்டியிருக்கிறது என்றால், நடுவில் சொல்லப்படாத ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். கசியாமல் மிச்சமாகும் தண்ணீரில் போதிய அளவு வழியில் வேறெங்கும் எடுக்கப்படாமல் கடைமடை வரை போய்ச் சேரும் என்பதுதான் அந்த வரி.

இந்த வரியை நாமாகத் திணிக்கவில்லை என்பதற்கு என்ன உறுதி? அதற்கு ஒரு சோதனை உண்டு. அந்த வரியை மறுத்துப் பாருங்கள். தண்ணீர் மிச்சமாகிறது, ஆனால் தலைப்பகுதி மதகுகளில் கூடுதலாகத் திறந்துவிடுகிறார்கள், அல்லது கரையோரத்தில் மோட்டார் வைத்து எடுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிவு முற்றிலும் நின்றாலும் கடைமடைக்குச் சொட்டும் கூடுதலாக வராது. மறுத்ததும் வாதம் விழுந்துவிட்டது. ஆகவே அந்த வரி வாதத்துக்கு உள்ளேதான் இருந்திருக்கிறது. இப்படிச் சொல்லப்படாமலே ஒரு வாதத்தைத் தாங்கி நிற்கும் வரியைத்தான் எடுகோள் என்கிறோம்.

இந்தச் சோதனையைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மாணவர்கள் பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். தலையங்கத்தின் எடுகோள் என்ன என்று கேட்டால், "மிச்சமாகும் ஒவ்வொரு சொட்டும் கடைமடைக்குப் போகும் என்று எழுதியவர் நம்புகிறார்" என்பார்கள். அதை மறுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு சொட்டும் போகாது, ஒரு பகுதி வழியில் போய்விடும். வாதம் விழுந்ததா? விழவில்லை. பாதி போய்ச் சேர்ந்தாலும் கடைமடைக்கு ஆதாயந்தானே. ஆக, "ஒவ்வொரு சொட்டும்" என்பது எழுதியவருக்குத் தேவையே இல்லாத எடுகோள். அதை அவர் தலையில் கட்டிவிட்டு, பிறகு அதை மறுத்து வெற்றி பெற்றதாக நினைப்பது நியாயம் ஆகாது. வாதம் நிற்பதற்கு எவ்வளவு குறைவாகத் தேவையோ அவ்வளவை மட்டுமே அதன் எடுகோளாக எழுத வேண்டும். மீண்டும் சொல்கிறேன்: குறைவாக எழுத வேண்டும்.

இனி, காரணத்தின் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சொல்லுக்கு வருவோம். "கசிந்து வீணாகிறது" என்பதில் கசிகிறது என்பது நடப்பு. வீணாகிறது என்பது எழுதியவரின் மதிப்பீடு. இரண்டும் ஒரே மூச்சில் வருவதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. பெருந்துறைப் பக்கம் வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய நிலம் ஆயக்கட்டில் இல்லை. மதகுத் தண்ணீருக்கு அவருக்கு உரிமை கிடையாது. என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, உள்சுவரில் ஈரம் படிந்து கறுத்திருந்த ஒரு கோட்டைக் காட்டினார். "வாய்க்கால்ல தண்ணி உட்டா கொஞ்ச நாள்ல இங்க வரைக்கும் ஏறுமுங்க. நிறுத்திப்போட்டா மறுக்கா எறங்கிரும். இதைய நம்பித்தானுங்க தென்னை நிக்குது" என்றார். தலையங்கத்தில் வீணான தண்ணீர் அவருடைய தென்னை மரங்களின் அடியில் நின்றுகொண்டிருந்தது.

அப்படியானால் "வீண்" என்ற எடுகோளையும் மறுத்துப் பார்ப்போம். கசிவு வீணாகவில்லை, கிணறுகளுக்குப் போகிறது. இப்போது வாதம் முழுவதும் விழுகிறதா? இங்கேதான் நிதானம் வேண்டும். தளம் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் கிடைக்கும் என்ற பகுதி விழவில்லை. கசிவு கிணற்றுக்குப் போனால் என்ன, வேறெங்கு போனால் என்ன, அதைத் தடுத்தால் வாய்க்காலில் தண்ணீர் கூடத்தான் செய்யும். விழுவது, "எனவே தளம் போட வேண்டும்" என்ற கடைசிப் பகுதி. ஒரே வாதத்தில் இரண்டு முடிவுகள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒன்று, என்ன நடக்கும் என்பது. மற்றொன்று, என்ன செய்ய வேண்டும் என்பது. முதலாவது தண்ணீரின் போக்கைப் பற்றிய எடுகோளின் மேல் நிற்கிறது. இரண்டாவது, ஆயக்கட்டில் உள்ள கடைமடை உழவரின் தேவை கிணற்றுப் பாசனக்காரரின் தேவைக்கு முந்தியது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. கடைமடைக்காரர் அதை மனமார ஏற்பார். அவருக்குச் சட்டப்படியான உரிமை இருக்கிறது. கிணற்றுக்காரர், பல பத்தாண்டுகளாக ஓடிய தண்ணீரை நம்பித்தான் நட்டேன் என்பார். எந்த அளவீடும் இதைத் தீர்த்து வைக்காது. இருவரும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் தலையங்கம் அந்தப் பேச்சையே "வீண்" என்ற ஒரு சொல்லால் முடித்துவிட்டது. எனக்குள்ள குறை அதுதான்.

ஓர் எடுகோளைக் கண்டுபிடித்துவிட்டதாலேயே அது பொய் என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் கண்ட எடுகோளை அளந்து பார்க்கலாம். தண்ணீர் சீராக ஓடும் நாட்களில் தலைமதகில் எவ்வளவு புறப்படுகிறது, ஒவ்வொரு மதகிலும் முறைப்படி எவ்வளவு இறங்குகிறது, கடைசியில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கணக்கெடுத்தால், நடுவில் குறைவது தெரியும். அந்தக் குறைவில் கசிவு, ஆவியாதல், முறையற்ற எடுப்பு மூன்றும் கலந்திருக்கும்; அவற்றைப் பிரிக்காமல் முழுவதையும் கசிவின் கணக்கில் எழுதுவது இன்னொரு மறைந்த எடுகோள்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் இதே போல் விரிவாகப் பார்க்க எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். தளம் போட்டால் கிணறுகள் வற்றும், எனவே தளமே கூடாது என்பது அந்த வாதம். கிணற்று நீர் மழையால் அல்லாமல் பெரும்பாலும் வாய்க்காலால்தான் ஊறுகிறது என்பது அதன் முதல் எடுகோள்; கரை உடையும் இடங்களில் மட்டும் பலப்படுத்துவது போன்ற இடைவழி எதுவும் இல்லை என்பது இரண்டாவது. இரண்டையும் மறுத்துப் பார்த்து, எந்தப் பகுதி விழுகிறது, எது நிற்கிறது என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம். வணக்கம்.