ட்ரிஃப்ட் அடிக்கும்போது பூஸ்ட் பட்டனை எப்போது அழுத்த வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. ஆர்கேட் ரேசிங் கேம்களில் வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டால் பூஸ்ட் கிடைக்கும் என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அந்த பூஸ்ட் எதற்கான கூலி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது, நாட்டி டாக் நிறுவனம் 1999-இல் பிளேஸ்டேஷனுக்காக உருவாக்கிய கிராஷ் டீம் ரேசிங். 2019-இல் இதை நைட்ரோ ஃபியூல்டு என்ற பெயரில் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். ட்ரிஃப்ட்டையும் ஆபத்தையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிய வேறொரு கேமை நான் விளையாடியதில்லை.

முதலில் விரல்கள் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எல்1 அல்லது ஆர்1 பட்டனை அழுத்தினால் கார்ட் சிறிதாகத் துள்ளும். துள்ளும்போதே ஒரு பக்கம் திருப்பி, அழுத்திய பட்டனை விடாமல் பிடித்திருந்தால், தரையைத் தொட்டதும் கார்ட் சறுக்கத் தொடங்கும். அப்போது திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பட்டை நிரம்பத் தொடங்கி, நிரம்ப நிரம்பப் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். சிவப்பில் இருக்கும்போது மறுபக்கத்துப் பட்டனைத் தட்டினால் பூஸ்ட் கிடைக்கும். ஒரே சறுக்கலில் இப்படி மூன்று முறை வாங்கலாம். பட்டையைப் பார்க்க நேரமில்லாதவர்கள் கார்ட்டின் புகைக்குழாயைக் கவனிக்கலாம். புகை கறுத்தால் தட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

சிவப்பு வந்ததுமே தட்டினாலும் பூஸ்ட் கிடைக்கும், ஆனால் அது குறுகியதாக இருக்கும். பட்டை முழுதாக நிரம்பப் போகும் கடைசிக் கணத்தில் தட்டினால் நீண்ட பூஸ்ட் கிடைக்கும். அந்தக் கணத்தையும் தாண்டிவிட்டால் எஞ்சின் படீரென்று ஒரு சத்தம் எழுப்பும். அந்த வாய்ப்பு கைவிட்டுப் போய்விடும். சறுக்கலை அளவுக்கு மீறி நீட்டினால் கார்ட் தன்னைத்தானே சுற்றி நின்றே விடும். ஆகவே ஒவ்வொரு தட்டலிலும், இன்னும் எவ்வளவு நேரம் பொறுக்கத் துணிகிறோம் என்பதை நாமே தீர்மானிக்கிறோம்; பரிசின் அளவும் அந்தத் துணிவின் அளவும் ஒன்றாகவே வளர்கின்றன.

இதை ஒரு வளைவில் வைத்துப் பார்ப்போம். இப்போது திரையில் ஓடுவது, வெளிப்பக்கம் முழுவதும் சுவர் உள்ள ஒரு அரைவட்டத் திருப்பம். வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்பே, பாதை இன்னும் நேராக இருக்கும்போதே துள்ளிச் சறுக்கத் தொடங்குகிறேன். முதல் தட்டல் நுழைவிலேயே வந்துவிடுகிறது. அங்கே இரு பக்கமும் இடம் தாராளமாக இருப்பதால் கடைசிக் கணம் வரை பொறுக்க முடிகிறது. ஆனால் அந்த பூஸ்ட் கிடைத்ததும் கார்ட்டின் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால், அதே அளவு திருப்பினாலும் கார்ட் வரையும் வளைவு அகன்றுவிடுகிறது. இரண்டாவது தட்டல் உட்புற விளிம்பை ஒட்டிக் கடக்கும்போது வர வேண்டும். மூன்றாவது வருவதற்குள் கார்ட் வெளிச்சுவரை நோக்கிச் சாய்ந்துகொண்டிருக்கிறது. வாங்கிய இரண்டு பூஸ்ட்டுகளே மூன்றாவதைக் கடினமாக்கிவிட்டன என்பதைக் கவனியுங்கள். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சிரமத்தைக் கூட்ட இங்கே புதிதாக எந்தத் தடையும் வைக்கப்படவில்லை. நாம் சம்பாதித்த வேகமே போதுமானதாக இருக்கிறது.

சுவரில் மோதினால் என்ன இழப்போம் என்பதைப் புரிந்துகொள்ள, திரையில் காட்டப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பூஸ்ட்டும் ஒரு கையிருப்பில் நேரமாகச் சேர்கிறது. முந்தைய பூஸ்ட் தீருமுன் அடுத்ததை வாங்கினால் இரண்டும் கூடிக்கொள்ளும். தரையில் உள்ள டர்போ பலகையின் மீது ஏறினால், சறுக்கலால் எட்ட முடியாத ஓர் உயர்ந்த வேகம் கிடைக்கும். கையிருப்பு தீராத வரை அந்த வேகம் குறையாமல் நீடிக்கும் என்பதுதான் இதில் முக்கியம். பழைய ஆட்டக்காரர்கள் இந்த நிலையைப் புனித நெருப்பு என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். சுவரில் ஒரு முறை மோதினாலோ, கையிருப்பு ஒரு கணம் காலியானாலோ நெருப்பு அணைந்துவிடும். அடுத்த டர்போ பலகை வரும்வரை சாதாரண வேகத்தில்தான் ஓட வேண்டும். எனவே நெருப்போடு வருபவருக்கு அதே வளைவு வேறொரு வளைவாகிவிடுகிறது. மூன்றாவது தட்டலுக்குக் காத்திருந்து மோதினால் எல்லாம் போகும். காத்திருக்காமல் முன்பே சறுக்கலை விட்டால் அடுத்த வளைவு வரை கையிருப்பு தாங்காமல் போகலாம்.

உங்கள் தவறு எங்கே என்று கண்டுபிடிப்பதும் இதிலிருந்தே எளிது. மூன்று பூஸ்ட்டுகளும் கிடைத்தும் அடுத்த வளைவுக்கு முன்பே வேகம் இறங்குகிறது என்றால், சிவப்பு வந்த உடனேயே தட்டிவிடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் வெளிச்சுவரில் உரசுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் தட்டலில் குறை இருக்காது, சறுக்கலைத் தாமதமாகத் தொடங்கியிருப்பீர்கள். இந்த இரண்டாவது தவறை நான் மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தேன். தட்டும் நேரத்தையே மாற்றி மாற்றிப் பார்த்ததால் ஒன்றும் சரியாகவில்லை.

இதோடு மரியோ கார்ட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2005-இல் வந்த மரியோ கார்ட் டிஎஸ்ஸில், ட்ரிஃப்ட்டின்போது திசைப் பட்டனை இடமும் வலமும் மாற்றி மாற்றி அழுத்தினால் சக்கரத்தில் பொறி நிறம் மாறி பூஸ்ட் தயாராகும். கைவேகம் உள்ளவர்களால் இதை மிகக் குறுகிய நேரத்தில் முடிக்க முடிந்ததால், நேர்ச்சாலையிலேயே இடமும் வலமும் மாறி மாறிச் சறுக்கி, பாம்பு போல நெளிந்தபடி இடைவிடாமல் பூஸ்ட் வாங்கினார்கள். அதற்குத் திறமை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அகன்ற நேர்ச்சாலையில் மோதுவதற்கு எதுவும் இல்லை. கட்டை விரல் வலிதான் அங்கே கொடுக்கும் விலை, வளைவுக்கு அதில் பங்கே இல்லை. 2008-இல் வந்த மரியோ கார்ட் வீயில், ட்ரிஃப்ட்டில் எவ்வளவு நேரம் நீடிக்கிறோம் என்பதைக் கொண்டு பூஸ்ட் தயாராகும்படி மாற்றினார்கள். அவ்வளவு நேரம் ஒரே பக்கம் சறுக்கினால் நேர்ச்சாலையில் பாதையை விட்டே வெளியேறிவிடுவோம் என்பதால், நெளிவதில் லாபம் குறைந்து, பூஸ்ட் மீண்டும் வளைவுக்குத் திரும்பியது.

2017-இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸிலும் இதே முறைதான்: நீலப் பொறி, பிறகு ஆரஞ்சு, நீண்ட வளைவுகளில் ஊதா. ஆனால் ஊதா வந்தபின் எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் பூஸ்ட் வீணாவதில்லை. அங்கே ஆபத்து முழுவதும் பாதையின் விளிம்பில் இருக்கிறது. 200 சிசி வேகத்தில் ட்ரிஃப்ட்டின் நடுவே பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதும் அதனால்தான். கிராஷ் டீம் ரேசிங்கில் விளிம்பும் உண்டு, கடிகாரமும் உண்டு. இரண்டும் ஒரே கணத்தில் நெருக்கும்போது எதற்கு முதலில் பணிவது என்பதை அந்த மூன்றாவது தட்டலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது அதே அரைவட்டத் திருப்பத்தை, நெருப்போடு வரும்போது நான் எடுத்த விதத்தை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறேன். மூன்றாவது தட்டலில் புகை கறுக்கத் தொடங்கியதுமே, பட்டை பாதிச் சிவப்பில் இருக்கும்போதே தட்டிவிட்டேன். அடுத்த வளைவு அருகிலேயே இருந்ததால் அந்தக் குறுகிய பூஸ்ட்டே போதுமானதாக இருந்தது. சுவருக்கும் சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு இடம் மிச்சம் இருந்தது என்பதை, இதோ, இந்தக் காட்சியில் நீங்களே பாருங்கள்.