எட்டாயிரம் வெள்ளியும் முறுக்கு இயந்திரமும்

(சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில் ஞாயிறு மாலை ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டு ஆடி மாதம் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவர் கிடங்கில் வேலை, மனைவி வீட்டில், இரண்டு பிள்ளைகள், நான்கறை வீடு. காப்புறுதி ஒன்று முதிர்ந்து எண்ணாயிரம் வெள்ளி கைக்கு வந்திருந்தது. அந்தத் தங்கை சுடும் முறுக்குக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். "அக்கா, இந்தப் பணத்தில் மாவு பிசையும் இயந்திரம், பெரிய உறைபெட்டி, பெயர் அச்சிட்ட டப்பா எல்லாம் வாங்கித் தீபாவளிக்குள் இறங்கிவிடலாமா? இல்லை, வங்கியிலேயே கிடக்கட்டுமா?" இதுதான் கேள்வி. இன்று அந்த ஒரு வீட்டுக் கணக்கை மட்டும் உங்களோடு போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் மாதச் செலவை எழுதச் சொன்னேன். சாப்பாடு 900, தண்ணீர் மின்சாரம் நகரமன்றக் கட்டணம் 350, தொலைபேசி இணையம் 100, போக்குவரத்து 200, பள்ளியும் துணைப்பாட வகுப்பும் 350, காப்புறுதி 300, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 300. மொத்தம் 2,500. வேலை போனால் எது நிற்கும் என்று கேட்டேன். துணைப்பாட வகுப்பை நிறுத்தினால் 300 குறையும் என்றார்கள். ஆக, இறுக்கிப் பிடித்தாலும் மாதம் 2,200 வேண்டும். மூன்று முதல் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள் இங்கே. குறைந்தபட்சம் மூன்று மாதம் என்று வைத்தால் 6,600. எண்ணாயிரத்தில் மீதி 1,400 வெள்ளி.

இந்தப் பட்டியலில் வீட்டுக் கடன் இல்லை, கவனித்தீர்களா? நம்மில் பலரும் அதை மறந்துவிடுகிறோம். தவணை, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து தானாகப் போவதால் அது செலவாகவே தெரிவதில்லை. வேலை நின்றால் அந்தக் கணக்கில் பணம் விழுவதும் நிற்கும். அப்புறம் இருப்பு தீரும்வரைதான் தவணை தானாகப் போகும், அதன்பிறகு ரொக்கமாகக் கட்ட வேண்டும். இவர்களுக்கு மாதத் தவணை 1,100, கணக்கில் இருந்தது 4,000. மூன்றரை மாதம் தாங்கும். அந்த 4,000 இல்லாமல் இருந்திருந்தால் மீதி 1,400 என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்குப் போனதும் உங்கள் சாதாரணக் கணக்கு இருப்பைப் பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

சரி, தொழில் பக்கம் வருவோம். அவர்கள் போட்ட திட்டத்துக்கு 3,600 வெள்ளி ஆகிறது. இயந்திரமும் உறைபெட்டியும் 2,400, டப்பாக்கள் 500, மாவு எண்ணெய் முதலான சரக்கு 700. அடுத்த வாரமே அவசரம் வந்தால் இதில் எவ்வளவு திரும்பி வரும்? பெயர் அச்சிட்ட டப்பாவை யாரும் வாங்கப் போவதில்லை. பிரித்த மாவு பணமாகாது. இயந்திரத்தைப் பழைய சாமானாக விற்றால், பாதி விலை கிடைத்தாலே பெரிது. ஆக, 3,600 போட்ட இடத்தில் 1,200 திரும்பலாம், அதற்கும் ஆள் கிடைக்க வேண்டும். லாபம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், போட்ட பணம் எத்தனை நாளில் எவ்வளவு குறைந்து திரும்பும் என்ற கணக்கைப் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"பக்க வருமானமே அவசரத்துக்கு உதவாதா அக்கா?" என்று அந்தத் தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. கணவருக்கு ஆட்குறைப்பு நேர்ந்தால் உதவும். ஆனால் வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் பார்த்துக்கொள்பவரும் அவர்தானே, அடுப்பும் அணைந்துவிடும். 2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாடு வந்தபோது வீட்டிலிருந்து உணவு விற்பதும் நின்றது. மே 12 முதல்தான் திரும்ப அனுமதித்தார்கள். சம்பளமும் பக்க வருமானமும் ஒரே வாரத்தில் நிற்கக்கூடியவை.

அப்படியானால் தொழிலே வேண்டாம் என்றா சொன்னேன்? இல்லை. 300 வெள்ளியில் தொடங்கச் சொன்னேன். வீட்டிலிருக்கும் மிக்ஸி, உரல், சட்டியே போதும். பெரிய இயந்திரத்தை எப்படியும் யோசிக்கத்தான் வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் சிறுதொழில் செய்யலாம், ஆனால் கனமான இயந்திரம் கூடாது, வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, விளம்பரப் பலகை மாட்டக் கூடாது. வீட்டுச் சமையலை விற்க உரிமம் தேவையில்லை என்றாலும் சிங்கப்பூர் உணவு அமைப்பின் சுகாதார வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டும். இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், இந்த வழி உங்களுக்கு இல்லை, சீட்டே பறிபோகும்.

முக்கியமாக, பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் ஆர்டர் எடுக்கச் சொன்னேன். தீபாவளிக்கு டப்பா 15 வெள்ளி என்று நாற்பது டப்பா விற்றார். வரவு 600. அதில் 300 முன்பணமாகவே வந்துவிட்டது. சரக்குக்கும் சாதாரண டப்பாவுக்கும் 260 ஆனது. சரக்கு வாங்கிய பணமே வாடிக்கையாளர் கொடுத்ததுதான், சேமிப்பிலிருந்து எடுத்துவைத்த 300 அப்படியே இருந்தது. மிச்சம் 340. அவர் உழைத்தது 22 மணி நேரம், ஆக மணிக்கு ஏறக்குறைய 15 வெள்ளி. எரிவாயுவைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். மோசமில்லை.

ஆனால் தீபாவளி விற்பனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். தேக்கா சந்தையில் அந்த மாதம் எதை வைத்தாலும் விற்கும். கல்யாணமும் பண்டிகையும் இல்லாத மாதத்தில், பழைய வாடிக்கையாளர் தாமாகவே எத்தனை பேர் திரும்பக் கேட்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். அவருக்கு நவம்பர் கடைசியில் ஆறு ஆர்டர் வந்தது, அதில் நான்கு பேர் முன்பே வாங்கியவர்கள். ஆறு டப்பாவுக்கு உறைபெட்டி எதற்கு?

சேமிப்பை எங்கே வைப்பது என்றும் கேட்டார்கள். இரண்டு மாதச் செலவு சாதாரண வங்கிக் கணக்கில் இருக்கட்டும். மிச்சத்தை அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், போட்ட முதல் குறையாமல் எந்த மாதமும் திரும்பப் பெறலாம், கட்டணம் 2 வெள்ளிதான். ஆனால் கேட்டதும் வராது, அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் வரும். அதனால்தான் எல்லாவற்றையும் அதில் போடாதீர்கள் என்கிறேன். வட்டி கூடுதல் என்று மத்திய சேம நிதியில் நிரப்பிவிட்டால், அவசரத்துக்கு அதைத் திரும்ப எடுக்க முடியாது. அப்புறம் கடன்தான் வழி. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரே மாதம் 4 விழுக்காடு வரை வாங்கலாம். எந்த முறுக்கு லாபம் அதைக் கட்டும்?

இந்த ஆண்டு பிப்ரவரியில் கணவருக்குக் கிடங்கில் முழங்கால் அடிபட்டது. வேலை போகவில்லை, ஆனால் மூன்று மாதம் ஓவர்டைம் இல்லை, மாதம் 600 வெள்ளி துண்டு விழுந்தது. மருத்துவமனை அலைச்சலில் தங்கையும் ஒரு ஆர்டரும் எடுக்கவில்லை. சேமிப்பிலிருந்து 1,800 போனது, யாரிடமும் கை நீட்டவில்லை. இப்போது அதில் 6,200 இருக்கிறது, மூன்று மாதச் செலவான 6,600-க்கு நானூறு குறைவு. போன வாரம் என்னைப் பார்த்தபோது அந்தத் தங்கையே சொன்னார்: "இந்தத் தீபாவளி லாபத்தில் முதலில் அந்த நானூறை நிரப்பிவிடுகிறேன் அக்கா. உறைபெட்டி அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்."