மூணு துண்டு, ஒரே வாதம், பத்து நிமிஷம்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் செமினார்ல பேசப்போறவங்களுக்காக நான் எப்படி ஒரு பேப்பர் தயார் பண்ணுவேன்னு ஒரே நாவலை வச்சு சொல்றேன், மேரி ஷெல்லியோட 'ஃப்ராங்கன்ஸ்டைன்', 1818.

முதல்ல வாதம். 'தனிமை'ன்னு சொன்னா அது தலைப்புதான், வாதம் இல்ல, ஏன்னா அதை யாரும் மறுக்க மாட்டாங்க. நான் சொல்லப்போறது இது: இந்த நாவல்ல விக்டர்ங்கறவன் உருவாக்குன அந்தக் கோரமான உயிரோட பேச்சு எடுபடணும்னா கேக்கறவங்க கண்ணு மூடியிருக்கணும். இதை மறுக்கலாம், அதனாலதான் இது வாதம். கதைச் சுருக்கமே வேண்டாம், முதல் நிமிஷத்துலயே இந்த ஒரு வரியைச் சொல்லிட்டு கையில குடுத்த தாளைப் பாக்கச் சொல்லுங்க. மூணாவது நிமிஷத்துலயும் யாரும் தாளைத் தொடலைன்னா நீங்க கதை சொல்லிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்.

தாள் ஒரே பக்கம், நாவல்லேர்ந்து எடுத்த மூணு துண்டு, ஒவ்வொண்ணும் எட்டு வரிக்குள்ள, ஓரத்துல வரி எண். எந்தப் பதிப்புன்னு கட்டாயம் போடுங்க, ஏன்னா 1818ல மூணு பாகமா வந்தது, 1831 பதிப்புல தொடர்ச்சியா 24 அத்தியாயம், எண் மாறுனா எதிர்ல இருக்கறவங்க புக்ல தேடியே நேரம் போயிடும். நான் சொல்றது 1831 எண்.

முதல் துண்டு 10ஆம் அத்தியாயம், ரெண்டு நிமிஷம். பனிமலையில விக்டர் 'உன்னைப் பாக்கவே பிடிக்கலை'ங்கற மாதிரி கத்தும்போது அந்த உயிர் தன் கையால அவன் கண்ணை மறைச்சு, பாக்காட்டியும் கேக்கலாமேங்குது.

ரெண்டாவது 15, இதுக்கு மூணு நிமிஷம் குடுங்க, இதுதான் நடுத்தூண். அந்த உயிர் கண் தெரியாத பெரியவர் டி லேசி வீட்டுக்குள்ள போய்ப் பேசுது, அவர், முகத்தைப் பாத்து எடைபோட என்னால முடியாது, ஆனா உன் பேச்சுல உண்மை இருக்குன்னு சொல்றார். கொஞ்ச நேரத்துல மகன் ஃபீலிக்ஸ் உள்ள வர்றான், பாக்கறான், தடியால அடிக்கறான். ஒரே அறை, காதுக்கு ஒரு தீர்ப்பு கண்ணுக்கு வேற தீர்ப்பு.

மூணாவது கடைசி அத்தியாயம், ரெண்டு நிமிஷம். கப்பல்ல விக்டரோட பிணத்துக்குப் பக்கத்துல அந்த உயிரைப் பாத்ததும் கப்பல் தலைவன் வால்டன் தன்னையறியாம கண்ணை மூடிக்கறான், அப்புறம்தான் அதைப் போகாதேன்னு கூப்புடறான். இங்க யாரும் அவன் கண்ணை மறைக்கலை, அவனா மூடறான், அதை அழுத்திச் சொல்லுங்க.

மிச்சம் ரெண்டு நிமிஷத்துல ஒண்ணை மூச்சு விட வச்சுக்கோங்க, இன்னொண்ணுல உங்க வாதத்தை நீங்களே உடைச்சுப் பாருங்க. 16ல விக்டரோட தம்பி, சின்னப்பையன் வில்லியமும் அந்த உயிரைப் பாத்துக் கையால கண்ணைப் பொத்திக்கறான், ஆனா அலறறான், அது சொல்ற ஒரு வார்த்தையையும் காதுல வாங்கலை. யாராச்சும் கண்டிப்பா கேப்பாங்க. என் பதில், அவன் முதல்ல பாத்துட்டான், பயத்துல பொத்தறான். ஆனா வால்டனும் பாத்துட்டுத்தானே மூடறான்? அப்போ கண்ணை மூடறது மட்டும் போதாது, மூடினப்புறம் அங்கயே நிக்கணும், அந்த அளவுக்கு வாதத்தைத் திருத்திக்கோங்க, தாள்ல முதல் வரியையும் அதுக்கேத்தபடி மாத்தி பிரிண்ட் எடுங்க.